ஒரு தாய், இரண்டு புகார் மனுக்கள்: தலைமையாசிரியருக்கு மேலே யார்?

பின்னணி

தமிழ்நாட்டின் ஒரு நகராட்சிப் பகுதியில் வாழும் குடும்பத்தில் 2023-24 கல்வியாண்டில் நடந்தது இது. தந்தை சரக்கு வாகனம் ஓட்டுகிறார், தாய் தையல் கூடத்தில் வேலை செய்கிறார். மூத்த மகன் அரசு உயர்நிலைப் பள்ளியில் 8-ஆம் வகுப்பு படித்தான். இளைய மகள் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. சேர்ந்து, ஒரு மெட்ரிக் பள்ளியில் 5-ஆம் வகுப்பில் இருந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பருவத்தில், ஏறத்தாழ ஒரே வகையான துன்பம் நேர்ந்தது. குடும்பம் ஒன்று, சட்டம் ஒன்று, புகாரின் தன்மையும் ஒன்று. ஆனால் மனுக்கள் சென்ற வழியும் கிடைத்த முடிவும் முற்றிலும் வேறாக இருந்தன. அந்த வேறுபாடு மற்றப் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால், மனு எழுத உதவியவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கவனிக்கப்பட்டவை

மகனின் கணித ஆசிரியர், வீட்டுப்பாடம் முடிக்காத மாணவர்களை மர அளவுகோலால் உள்ளங்கையில் அடிப்பது வழக்கம். ஆகஸ்ட் மாத இறுதியில் அந்தப் பையனை அடித்ததோடு, தொடர்ந்து மூன்று நாள் கணித வேளை முழுவதும் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். மூன்றாம் நாள் கையில் வீக்கத்தைப் பார்த்த தாய் விசாரித்தபோதுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. அன்று மாலையே அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு போட்டு மருத்துவரிடம் காட்டினார். அந்தச் சீட்டில் மருத்துவர் எழுதிய ஒரு வரி பின்னால் பெரிதும் உதவியது.

மகளின் வகுப்பாசிரியை அடிக்கவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லாத பிள்ளைகளை வராந்தாவில் முட்டி போட வைத்தார். இந்தச் சிறுமியை மட்டும், "சும்மா படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு அலட்சியமா?" என்று வகுப்பு முன்னால் கேட்டிருக்கிறார். இரண்டாம் முறை அப்படிச் சொன்னதற்குப் பிறகு, அந்தச் சிறுமி காலையில் வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போக மறுக்கத் தொடங்கினாள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு, குழந்தைக்கு உடல் தண்டனை கொடுப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் ஒருசேரத் தடை செய்கிறது. ஆகவே முட்டி போட வைத்ததும் இழிவாகப் பேசியதும் "அடிக்கவில்லையே" என்ற சமாதானத்துக்குள் அடங்குவன அல்ல. அந்தப் பிரிவின் அடுத்த உட்பிரிவு, மீறும் ஆசிரியர் மீது அவருக்குப் பொருந்தும் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. இரண்டு பள்ளிகளின் பாதையும் பிரிவது இந்த இடத்தில்தான். அரசுப் பள்ளி ஆசிரியருக்கு எழுதிவைத்த பணி விதிகளும், அவற்றை நடைமுறைப்படுத்தும் அலுவலர் வரிசையும் உண்டு. தனியார் பள்ளி ஆசிரியைக்கு வேலை கொடுத்தது நிர்வாகம், நடவடிக்கை எடுக்க வேண்டியதும் அதுவே. அரசு அலுவலரின் அதிகாரம் நேரடியாகப் பள்ளியின் மேல்தான், ஆசிரியையின் மேல் அல்ல.

இதில் ஒன்றை முதலிலேயே பிரித்துவிட வேண்டியிருந்தது. பாலியல் தன்மையுள்ள எந்தச் செயலும் இதில் இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் தாய் தனியாகப் பேசி உறுதி செய்துகொண்டார். அப்படி ஏதேனும் இருந்திருந்தால் கீழே சொல்லப்படும் வழி எதுவும் பொருந்தாது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி தகவல் தெரிந்தவர் காவல் துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளி தானாக நடத்தும் உள்விசாரணை அதற்கு ஈடாகாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அதற்காகத்தான் இருக்கிறது.

முதல் முடிவு: யாரிடம் எதைக் கேட்பது

தாயின் முதல் எண்ணம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் இரண்டு புகார்களையும் ஒரே மனுவாகக் கொடுத்துவிடலாம் என்பது. அது வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆட்சியரிடம் கொடுத்த மனு முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போகும். அவர் மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புவார். மாவட்டக் கல்வி அலுவலர் "அறிக்கை அளிக்கவும்" என்று தலைமையாசிரியருக்கு அனுப்புவார். சில வாரங்களுக்குப் பிறகு மனு அதே பள்ளியின் மேசைக்கு வந்து சேரும். தலைமையாசிரியர் எழுதும் இரண்டு பத்தி அறிக்கையோடு மனு முடித்து வைக்கப்படும். இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதில்லை, அலுவலக நடைமுறை அப்படி அமைந்திருக்கிறது. தலைமையாசிரியரிடம் முன்பே எழுத்தில் கொடுத்துப் பதில் வரவில்லை என்பதற்குச் சான்று இருந்தால்தான், மேலே உள்ளவர் நேரடி விசாரணை செய்ய வேண்டிய கட்டாயம் உருவாகும்.

ஆகவே இரண்டு மனுக்களையும் தனித்தனியாக, கீழ்நிலையிலிருந்தே தொடங்குவது என்றும், ஒவ்வொருவரிடமும் அவரால் செய்யக்கூடியதை மட்டுமே கேட்பது என்றும் தீர்மானித்தோம்.

அரசுப் பள்ளி மனு

தலைமையாசிரியர் தாயை மரியாதையோடுதான் நடத்தினார். "அம்மா, நான் அவருக்கு மெமோ கொடுத்து விளக்கம் கேட்கலாம். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல. சமாதானமாப் போயிடுவோமே" என்றார். அவர் சொன்னது பாதி உண்மை. அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர் ஆசிரியரை நியமிப்பவர் அல்லர். தண்டனை வழங்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஆனால் பாடவேளை அட்டவணை அவர் கையில் இருக்கிறது. ஒரு மாணவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்று அன்றே உத்தரவிடவும், அடுத்த வாரமே அந்த வகுப்பின் கணிதத்தை வேறு ஆசிரியருக்கு மாற்றவும் அவரால் முடியும். தாய் கொடுத்த ஒரு பக்கக் கடிதத்தில் இந்த இரண்டை மட்டும் கேட்டோம். மருத்துவச் சீட்டின் நகலை இணைத்து, கடிதத்தின் இன்னொரு பிரதியில் பள்ளி முத்திரையோடு ஒப்புதல் கையெழுத்து வாங்கினோம்.

பையன் மறுநாளே வகுப்புக்குள் அமர்ந்தான். அட்டவணை மாறவில்லை. ஆசிரியர் அடிப்பதை நிறுத்தினாலும், "மனு போடுற வீட்டுப் பையன்" என்று மற்றப் பிள்ளைகள் முன் அடிக்கடி குறிப்பிட்டார். பழிவாங்கல் பெரும்பாலும் இப்படித்தான், தண்டனை என்று சொல்ல முடியாத சிறு வடிவில் வரும். எந்த நாள், என்ன சொல்லப்பட்டது, அருகில் யார் இருந்தார்கள் என்பதைத் தாய் ஒரு நோட்டில் எழுதிவரத் தொடங்கினார்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்பலாமா என்ற கேள்வியும் வந்தது. பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள அந்தக் குழு பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிக்கலாம். ஆசிரியரைத் தண்டிக்க அதற்கு அதிகாரம் இல்லை. ஆனாலும் குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் பதிவேட்டில் "வகுப்பறையில் உடல் தண்டனை குறித்துப் பெற்றோர் கவலை தெரிவித்தனர்" என்று ஒரு வரி பதியச் செய்ததால், புகார் ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட கோபம் என்ற பேச்சு அடங்கியது. வேறு இரண்டு தாய்மார்களும் அந்தக் கூட்டத்தில்தான் வாய் திறந்தார்கள்.

அடுத்த மனு மாவட்டக் கல்வி அலுவலருக்குச் சென்றது. அரசுத் தொடக்கப் பள்ளியாகவோ நடுநிலைப் பள்ளியாகவோ இருந்திருந்தால் முதலில் வட்டாரக் கல்வி அலுவலரிடமும், அதன்பின் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும் போயிருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி என்பதால் இடைநிலைக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர். இந்தப் பிரிவினை 2022-இல் மீண்டும் ஏற்பட்டது. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு சரியான மேசைக்குப் போய்ச் சேரவே பல வாரம் ஆகிவிடுவதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். இந்த அலுவலர்களுக்கு மேலே மாவட்ட அளவில் முதன்மைக் கல்வி அலுவலரும், மாநில அளவில் பள்ளிக் கல்வி இயக்குநரும், அதற்கும் மேலே துறைச் செயலாளரும் இருக்கிறார்கள்.

அந்த மனுவில் கேட்டது மூன்று. தலைமையாசிரியரிடம் கொடுத்த கடிதத்தின் நாளைக் குறிப்பிட்டு, விசாரணையைப் பள்ளிக்கு வெளியிலுள்ள அலுவலர் நடத்த வேண்டும். பையனிடம் வாக்குமூலம் வாங்கும்போது தாய் உடனிருக்க வேண்டும். 17-ஆம் பிரிவின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும். பணிநீக்கம் செய்ய வேண்டும், வேறு ஊருக்கு மாற்ற வேண்டும் என்றெல்லாம் எழுதவில்லை. இடமாற்றம் கேட்டால் பிரச்சினை அடுத்த பள்ளியின் பிள்ளைகளுக்குப் போகும். அதோடு, அலுவலகம் இடமாற்றத்தையே நடவடிக்கையாகக் காட்டிக் கோப்பை மூடிவிடும் வாய்ப்பும் உண்டு.

மனுவுக்கு ந.க. எண், அதாவது அலுவலகக் கோப்பு எண், கிடைத்தது. அலுவலர் அக்டோபரில் பள்ளிக்கு நேரில் வந்து, பையன், வேறு நான்கு மாணவர்கள், ஆசிரியர், தலைமையாசிரியர் ஆகியோரிடம் வாக்குமூலம் பெற்றார். ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த இருவர் தாயின் வீட்டுக்கு வந்து, "சாரோட வேலைக்கே பிரச்சினை ஆயிடும், மனுவைத் திரும்ப வாங்கிக்குங்க" என்றார்கள். மிரட்டல் இல்லை, வேண்டுகோள்தான். ஆனாலும் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து கேட்கும் வேண்டுகோளை ஒரு தையல் கூடத் தொழிலாளி எப்படி உணர்வார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். தாய் திரும்பப் பெறவில்லை.

அரசு ஊழியர் மீதான நடவடிக்கை தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் 17-ஆம் விதிப்படி நடக்கும். சிறு தண்டனைக்குரியது 17(அ). அதில் குற்றச்சாட்டைச் சொல்லி, ஆசிரியரின் விளக்கத்தைப் பெற்று, ஆணை பிறப்பிக்கலாம். பெருந்தண்டனைக்குரியது 17(ஆ). அதற்கு விசாரணை அலுவலர், சாட்சிகள், குறுக்கு விசாரணை எல்லாம் வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் பணி விதிகளின் 17-ஆம் விதியும் வெவ்வேறானவை. இந்த எண் ஒற்றுமையால் மனுக்களில் பலர் குழம்புகிறார்கள். இங்கே 17(அ) நடவடிக்கை எடுக்கப்பட்டு, ஆசிரியருக்குக் கண்டனம் வழங்கப்பட்டதாகப் பிப்ரவரியில் அலுவலகத்தில் வாய்மொழியாகத் தெரிவித்தார்கள். தாய்க்குத் தபாலில் வந்தது, "சம்பந்தப்பட்ட ஆசிரியர் மீது துறை ரீதியான நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரி. ஆணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பது பயன் தராது. ஊழியருக்கு வழங்கப்பட்ட மெமோவும் தண்டனையும் அவருடைய தனிப்பட்ட தகவல் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்றிருக்கிறது. தன் மனு எந்த நிலையில் இருக்கிறது, எந்த நாளில் யாருக்கு அனுப்பப்பட்டது என்பதைக் கேட்பதற்குத் தடையில்லை.

தனியார் பள்ளி மனு

மெட்ரிக் பள்ளியின் முதல்வரைத் தாய் சந்தித்தபோது, பேச்சு சில நிமிடங்களிலேயே முடிந்துவிட்டது. "எங்க டிசிப்ளின் பிடிக்கலன்னா டி.சி. வாங்கிக்கலாம் மேடம்" என்றார் முதல்வர். தனியார் பள்ளிப் பெற்றோரைப் பெரும்பாலும் மௌனமாக்குவது இந்த ஒரு வாக்கியம்தான். தொடக்கக் கல்வியை, அதாவது 8-ஆம் வகுப்பை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. தேர்ச்சி பற்றி 2019-இல் திருத்தம் வந்தபோதும் இந்தப் பாதுகாப்பு அப்படியே இருந்தது. பெற்றோர் தாமாகக் கேட்டு வாங்கும் டி.சி.க்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் பள்ளிகள் வெளியேற்றுவதில்லை, வாங்கிக்கொள்ளச் சொல்கின்றன. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று தாயிடம் சொன்னோம்.

இங்கே முதல்வரும் ஓர் ஊழியரே. நியமனமும் நீக்கமும் தாளாளரிடம், அதாவது பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் சார்பில் கையெழுத்திடுபவரிடம் இருக்கின்றன. ஆகவே எழுத்து மூலமான முதல் கடிதம் முதல்வருக்கு அல்லாமல், தாளாளர் பெயருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் சென்றது. முட்டி போட வைப்பதை நிறுத்த வேண்டும், 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டைக் குறிப்பிட்டுப் பேசக் கூடாது, டி.சி. பற்றி முதல்வர் சொன்னது நிர்வாகத்தின் நிலைப்பாடா என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பவையே அதன் கோரிக்கைகள். பதில் வரவில்லை.

அதற்கு மேலே யார் என்பதில்தான் பெற்றோருக்குத் தடுமாற்றம். மெட்ரிக் பள்ளிகளுக்கான இயக்ககம் 2022 முதல் தனியார் பள்ளிகள் இயக்ககமாகச் செயல்படுகிறது. மாவட்டத்தில் தனியார் பள்ளிகளுக்கென்று ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். அவர் அந்த ஆசிரியைக்கு மெமோ கொடுப்பவர் அல்லர். பள்ளியின் அங்கீகாரத்தைத் தொடர்வதற்கான கோப்பு அவர் வழியாகத்தான் போகிறது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றோடு அந்தக் கோப்பு அவர் மேசைக்கு வரும்போது, பள்ளிமீது நிலுவையில் உள்ள எழுத்து மூலமான புகார் நிர்வாகத்தைக் கவலைப்பட வைக்கும். எனவே அவரிடம் "ஆசிரியையைத் தண்டியுங்கள்" என்று எழுதுவதால் பயனில்லை. "17-ஆம் பிரிவை மீறிய செயல் குறித்து நிர்வாகத்திடம் எழுத்தில் விளக்கம் பெற்று, உரிய அறிவுரை வழங்கி, குழந்தை அதே பள்ளியில் தொடர்வதை உறுதி செய்ய வேண்டும்" என்று எழுதினோம்.

மனு போய் மூன்று வாரத்தில் அலுவலகம் பள்ளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. அடுத்த திங்கட்கிழமை அந்த ஆசிரியை பள்ளியில் இல்லை. விசாரணை நடக்கவில்லை, அவரிடம் விளக்கமும் கேட்கப்படவில்லை. "சம்பந்தப்பட்ட ஆசிரியை பணியில் இல்லை" என்று பள்ளி நிர்வாகம் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தது. கோப்பு அத்தோடு முடிந்தது. முதல்வரின் டி.சி. பேச்சைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு சொல்லும் இல்லை.

பின்விளைவுகள்

அரசுப் பள்ளியில் முடிவு வர ஐந்து மாதத்துக்கு மேலானது. தனியார் பள்ளியில் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம். வேகத்தை வைத்துப் பார்ப்பவர்கள் தனியார் பள்ளியே மேல் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் தன் பதிலைச் சொல்ல வாய்ப்புப் பெற்றார். கண்டனம் சிறு தண்டனைதான் என்றாலும் அவருடைய பணிப் பதிவேட்டில் இருக்கும், மீண்டும் நடந்தால் கணக்கில் வரும். அவர் இப்போதும் அதே பள்ளியில் கற்பிக்கிறார், அளவுகோல் மேசைமேல் இல்லை என்று பையன் சொல்கிறான். தனியார் பள்ளி ஆசிரியையோ குறைந்த சம்பளத்தில் வேலை செய்த இளம்பெண். அவர் செய்தது தவறு. ஆனால் அந்தத் தவறு இன்னதென்று யாரும் அவரிடம் சொல்லாமலேயே வேலை போயிற்று. அடுத்த கல்வியாண்டில் அதே ஊரின் வேறொரு பள்ளியில் சேர்ந்திருக்கிறார், அங்கே அவரைப் பற்றி எந்தப் பதிவும் இல்லை. முட்டி போட வைப்பதைத் தன் ஒழுக்க முறையாக வைத்திருந்த நிர்வாகம் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் தப்பியது. "நான் அந்தப் பொண்ணோட வேலையைக் கேட்கலையே" என்று தாய் பலமுறை வருந்தினார். அவருடைய மனுவில் அப்படி ஒரு சொல் இல்லை என்பதற்கு நகல் சான்றாக இருக்கிறது.

சிறுமி அதே பள்ளியில் தொடர்கிறாள். வயிற்று வலி சில வாரங்களில் நின்றது.

இனி மாற்ற வேண்டியவை

தனியார் பள்ளி மனுவில், ஆசிரியையைவிட நடைமுறையைப் பற்றிய கோரிக்கை முன்னால் இருக்க வேண்டும். உடல் தண்டனை இல்லை என்ற எழுத்து மூலமான அறிவுறுத்தலை அனைத்து ஆசிரியர்களுக்கும் வழங்கி, அதன் நகலை அலுவலகத்தில் ஒப்படைக்கும்படி பள்ளிக்கு உத்தரவிடக் கேட்டிருந்தால், ஒருவரை அனுப்பிவிட்டுக் கோப்பை மூடுவது கடினமாகியிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனியார் பள்ளிக்கு நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், பள்ளி அரசு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தது அந்த அலுவலகத்தின் ஆவணமாகிவிடுகிறது. அதை அங்கே கேட்டுப் பெறலாம். இப்போது வரும் மனுக்களில் அந்த எழுத்து மூலமான அறிவுறுத்தல் பற்றிய கோரிக்கையை முதலாவதாக வைக்கிறோம்.

மேல்முறையீட்டுக்கான நாளையும் தொடக்கத்திலேயே குறித்துவைக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, எழுத்து மூலமான புகாரை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும், முடிவில் நிறைவில்லாதவர் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் போகலாம் என்றும் சொல்கிறது. அரசுப் பள்ளி மனு மூன்று மாதத்தைத் தாண்டியபோது, 32-ஆம் பிரிவைச் சுட்டி முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் கோப்பு நகர்ந்தது. இரண்டு பள்ளிகளுக்கும் ஒன்றுபோல் பொருந்தும், 32-ஆம் பிரிவின்படியான மேல்முறையீட்டு இடம் அந்த ஆணையம்தான்.

இந்தப் பாதை எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தாது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கானது. 10-ஆம் வகுப்பு மாணவனுக்காக எழுதும் மனுவில் 17-ஆம் பிரிவை அடிப்படையாக வைக்க முடியாது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், பள்ளி அந்த வகையைச் சேர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளியாக இருந்தால், இணைப்பு வழங்கும் வாரியத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். வாரியமும் ஆசிரியருக்கு வேலை கொடுப்பது அல்ல, பள்ளியின் இணைப்பைக் கையில் வைத்திருப்பது மட்டுமே. எனவே அங்கும் கேள்வி நிர்வாகத்தை நோக்கியே எழுதப்பட வேண்டும்.